ஆடித் தள்ளுபடி மெசேஜ் தட்டிவிடும் முன்: வாடிக்கையாளரிடம் அனுமதி வாங்குவது எப்படி?

பில் போடும்போது வாங்கி வைத்த எண்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். ஆடி நெருங்கியதும் அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் தட்டிவிடலாமே என்று கை பரபரக்கும். அதில் பாதிப் பேர் உங்கள் எண்ணைச் சேமித்திருக்க மாட்டார்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் விளம்பரத்துக்குக் கீழேயே 'பிளாக்', 'ரிப்போர்ட்' என்று வாட்ஸ்அப் பொத்தான் காட்டுகிறது. கொஞ்சம் பேர் அதை அழுத்தினாலே போதும், எண் முடங்கிவிடும். அதே எண்ணில்தான் மொத்த வியாபாரிகளும் ஆர்டர் போடுகிறார்கள் என்றால், ஆடி வியாபாரமும் அதோடு போயிற்று.

ஈரோட்டில் எங்கள் குடும்ப ஜவுளிக்கடைக்கு இந்த வேலையை ஒழுங்குபடுத்த ஒரு சீசனே பிடித்தது. யாரைக் கேட்டாலும் பல்க் மெசேஜ் மென்பொருள் விற்கத்தான் வந்தார்களே தவிர, அனுமதியை எப்படிக் கேட்பது, எங்கே எழுதி வைப்பது என்று சொல்ல ஆளில்லை. சில ஆயிரம் எண்கள் வைத்திருக்கும் ஒரு கடைக்கு எது தேவையோ அதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1. இருக்கும் எண்களை மூன்றாகப் பிரியுங்கள்

புதிதாக ஒரு எண்ணும் வாங்குவதற்கு முன் பழைய பட்டியலை உட்கார்ந்து பிரித்துவிடுங்கள்.

"புது டிசைன் வந்தா போட்டோ அனுப்புங்க" என்று அவர்களாகவே கேட்டவர்கள் முதல் வகை. அந்தப் பேச்சு உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கும், தேடினால் கிடைக்கும். இவர்களுக்கு அனுப்பலாம்.

பில்லுக்காகவோ, பிளவுஸ் தைத்து முடிந்ததும் தகவல் சொல்வதற்காகவோ எண் கொடுத்தவர்கள் இரண்டாம் வகை. பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான் பெரிது. அவர்கள் எண் கொடுத்தது அந்த ஒரு வேலைக்கு மட்டும். தள்ளுபடிச் செய்திக்கு அவர்கள் இன்னும் சரி சொல்லவில்லை.

எங்கிருந்து வந்தது என்றே தெரியாத எண்கள் மூன்றாம் வகை. யாரோ விற்ற எக்செல் பட்டியல், குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து உருவிய எண்கள், பக்கத்துக் கடைக்காரர் 'அன்பளிப்பாக'க் கொடுத்தவை எல்லாம் இதில் அடக்கம். இவற்றை அழித்துவிடுங்கள். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று விட்டுவைத்தால், தீபாவளி நெருக்கத்தில் யாராவது ஒருவர் அதையும் சேர்த்துத்தான் அனுப்புவார்.

இங்கே எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. இரண்டாம் வகைக்காரர்களுக்கு மொத்தமாக 'சலுகைச் செய்தி அனுப்பலாமா?' என்று ஒரு செய்தி போடுவது. அனுமதி கேட்டு அனுப்பும் அந்தச் செய்தியே அனுமதியில்லாமல் போகிறது. பிளாக் அதற்கும் விழும். அவர்கள் அடுத்த முறை கடைக்கு வரும்போதோ, 'பிளவுஸ் தயார்' என்ற செய்திக்குப் பதில் போடும்போதோ கேளுங்கள். பாதிப் பேர் தீபாவளிக்குள் ஒருமுறையாவது வந்துவிடுவார்கள். வராதவர்கள் வராமலே போகட்டும்.

2. எதற்கு அனுமதி என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள்

'உங்களைத் தொடர்புகொள்ளலாமா' என்று மொட்டையாகக் கேட்டு வாங்கிய சம்மதத்துக்கு மதிப்பில்லை. நான்கு விஷயங்கள் அதில் இருக்க வேண்டும்: யார் அனுப்புவது, என்ன மாதிரிச் செய்தி, எவ்வளவு அடிக்கடி, எப்படி நிறுத்துவது. நாங்கள் வைத்திருக்கும் வாசகம் இதுதான். பெயரை மட்டும் மாற்றி அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

"(கடைப் பெயர்) கடையிலிருந்து புதுச் சரக்கு, தள்ளுபடி பற்றிய செய்திகள் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சம்மதம். மாதம் 2 செய்திக்கு மேல் வராது. வேண்டாம் என்று நினைத்தால் VENDAM என்று ஒரு வார்த்தை அனுப்பினால் அன்றே நிறுத்திவிடுவோம்."

கடையின் பெயரை வாடிக்கையாளர் அறிந்தபடியே போடுங்கள். ஜிஎஸ்டி சான்றிதழில் 'ட்ரேடர்ஸ்', போர்டில் 'சில்க்ஸ்' என்று இருந்தால், போர்டில் உள்ளதுதான் செய்தியில் வர வேண்டும். 'இது யாரு?' என்று ஒருவர் யோசிக்கும்போதே கை பிளாக் பொத்தானுக்குப் போய்விடும்.

மாதம் இரண்டு என்று எழுதினால் இரண்டுதான். ஆடி மாதத்தில் மூன்றாவது அனுப்ப ஆசை வரும். எங்கள் கடையில் இதற்காகச் சண்டையே நடந்திருக்கிறது.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஏறத்தாழ இதையே கேட்கிறது. எதற்காக என்று சொல்லிக் கேட்க வேண்டும், சம்மதம் தானாக முன்வந்து தந்ததாக இருக்க வேண்டும், கொடுத்தது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். சம்மதம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. இப்போதே பழகிக்கொண்டால் அப்போது பட்டியலைத் தூக்கிப்போட வேண்டியிருக்காது.

3. முதல் செய்தியை வாடிக்கையாளரே அனுப்பட்டும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நோட்டுப் புத்தகத்தில் எண்ணும் கையெழுத்தும் வாங்கலாம். ஆனால் ஒரு இலக்கம் தப்பாக விழுந்தால் செய்தி யாரோ ஒருவருக்குப் போகும். கையெழுத்து அவருடையதுதானா என்பதற்கும் ஆதாரமில்லை. வாடிக்கையாளர் தன் போனிலிருந்து உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டால் எண் தப்பாது. தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். 'யார் நீங்கள்' என்று பிறகு கேட்டாலும், அவர் அனுப்பிய செய்தி அதே அரட்டையில் மேலே இருக்கும்.

இதற்குச் செலவு ஏதுமில்லை. கீழே உள்ள இணைப்பில் உங்கள் வாட்ஸ்அப் எண்ணைப் போடுங்கள். 91-க்குப் பின் பத்து இலக்கம். கூட்டல் குறியோ இடைவெளியோ வேண்டாம்.

```
https://wa.me/91XXXXXXXXXX?text=OFFER%20VENUM
```

இதைத் தொட்டால் உங்கள் அரட்டை திறந்து 'OFFER VENUM' என்று தயாராக நிற்கும்; வாடிக்கையாளர் அனுப்பு பொத்தானை அழுத்தினால் போதும். நடுவில் உள்ள %20 இடைவெளிக்கானது, அதை எடுத்துவிடாதீர்கள். இந்த இணைப்பை இலவச க்யூஆர் தளம் எதிலாவது கொடுத்துப் படமாக்கி, பக்கத்திலேயே இரண்டாம் படியில் எழுதிய வாசகத்தையும் அச்சிட்டு கல்லாவில் வையுங்கள். லேமினேஷனோடு ஐம்பது, நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். க்யூஆர் எடுக்கும் தளம் 'டைனமிக்' என்று சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். சந்தா கட்டாவிட்டால் சில மாதத்தில் அந்தக் குறி வேலை செய்யாமல் போகும், அட்டையெல்லாம் வீண். ஜிபே க்யூஆருக்குப் பக்கத்திலும் ஒட்டாதீர்கள். பணம் கட்ட வந்தவர் இதை ஸ்கேன் செய்துவிட்டு 'பணம் போகலையே' என்று நிற்பார்.

அட்டை வைத்துவிட்டால் மட்டும் யாரும் ஸ்கேன் செய்வதில்லை. கல்லாவில் இருப்பவர் வாய் திறந்து கேட்க வேண்டும், அதுவும் இரண்டு தனிக் கேள்விகளாக:

"அக்கா, பில் வாட்ஸ்அப்ல அனுப்பட்டுங்களா?"

"அனுப்பு தம்பி."

"ஆடித் தள்ளுபடி போட்டா அதும் சொல்லட்டுங்களா? மாசத்துக்கு ரெண்டே மெசேஜ்தானுங்க. வேணும்னா இதை ஸ்கேன் பண்ணி அனுப்பிருங்க."

முதல் கேள்விக்குச் சரி சொல்லிவிட்டு இரண்டாவதற்குச் சிரித்தபடி போய்விடுவார்கள். அதற்கு அர்த்தம் 'வேண்டாம்'. பையன்கள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு தாங்களே வாடிக்கையாளர் போனை வாங்கி அனுப்பிவிடுவார்கள். இதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை வைத்தால் இதுதான் நடக்கும். அதேபோல் எண் கொடுத்தால்தான் பில் என்று வற்புறுத்தவும் கூடாது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே சில்லறைக் கடைகளுக்கு இதைச் சொல்லிவிட்டது.

பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் "பேத்தி நம்பருக்கு அனுப்புப்பா" என்பார்கள். பேத்தியின் சம்மதம் பேத்தியிடமிருந்துதான் வர வேண்டும். அட்டையின் சின்னப் பிரதி ஒன்றை பையில் போட்டுக் கொடுங்கள். விருப்பமிருந்தால் அந்தப் பெண்ணே அனுப்புவாள்.

4. வந்த சம்மதத்தைப் பதிவு செய்யுங்கள்

'OFFER VENUM' வந்ததும் ஒரு பதில் போக வேண்டும்: "நன்றிங்க. மாதம் 2 செய்திக்குள் அனுப்புவோம். நிறுத்த VENDAM என்று அனுப்புங்கள். எங்கள் எண்ணைச் சேமித்துக்கொண்டால்தான் செய்தி வந்து சேரும்." இதை வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் 'குவிக் ரிப்ளை'யாக வைத்துக்கொண்டால் '/' தட்டி இரண்டு நொடியில் அனுப்பலாம். 'கிரீட்டிங் மெசேஜ்' வசதியில் மட்டும் இதை வைக்காதீர்கள். அது விலை கேட்டு வந்தவருக்கும் தானாகப் போய், அவரையும் சேர்த்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

பிறகு அந்த அரட்டைக்கு 'சலுகை சரி' என்று ஒரு லேபிள் போடுங்கள். தனியாக ஒரு கூகுள் ஷீட்டில் எண், பெயர், சம்மதம் வந்த தேதி, எந்த வழியில் வந்தது, அப்போது அட்டையில் இருந்த வாசகம், நிறுத்திய தேதி என்று ஆறு பத்திகள் போதும். வாசகத்தை ஏன் எழுத வேண்டும் என்றால், அடுத்த வருடம் 'மாதம் 4' என்று அட்டையை மாற்றுவீர்கள். பழைய ஆட்கள் சரி சொன்னது இரண்டுக்குத்தான் என்பது அப்போது தெரிய வேண்டும். போன் தொலைந்தால் லேபிள்களும் போகலாம், ஷீட் மிஞ்சும்.

5. செயலியா, ஏபிஐயா? ஆவணமும் செலவும்

சம்மதம் சொன்னவர்கள் இருநூறு, முந்நூறு பேர் என்றால் இலவச வாட்ஸ்அப் பிசினஸ் செயலியே போதும். ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைச் சேமித்தவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். குறை மாதிரித் தெரிந்தாலும், சிறு கடைக்கு இது நல்லதுதான்.

ஆயிரத்தைத் தாண்டினால் பிசினஸ் பிளாட்ஃபார்ம், அதாவது வேறொரு மென்பொருள் வழியாக வாட்ஸ்அப் செய்தி அனுப்ப உதவும் ஏபிஐ. இதை ஒரு சேவை நிறுவனம் வழியாக எடுக்கலாம். மெட்டாவின் நிறுவனச் சரிபார்ப்புக்கு ஜிஎஸ்டி சான்றிதழ் அல்லது உத்யம் சான்றிதழ், கடை முகவரி உள்ள மின்கட்டண ரசீது அல்லது வங்கி அறிக்கை கேட்பார்கள். இவற்றில் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ரசீது தாத்தா பெயரில், ஜிஎஸ்டி மகன் பெயரில் இருக்கும் நம்மூர்க் கடைகள் இங்கேதான் மாட்டும். முதலில் அதைச் சரி செய்துவிட்டு விண்ணப்பியுங்கள். சரிபார்ப்பு முடியாத கணக்கிலிருந்து 24 மணி நேரத்தில் 250 பேருக்கு மட்டுமே நீங்களாகப் பேச்சைத் தொடங்க முடியும். ஆகவே ஆடி முதல் தேதிக்கு அனுப்ப வேண்டுமானால் ஆனி தொடக்கத்திலேயே வேலையை ஆரம்பியுங்கள்.

விளம்பரச் செய்தி ஒன்றுக்கு மெட்டாவின் கட்டணம் ஒரு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 18% ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறத்தாழ ஒரு ரூபாய். அதன்மேல் சேவை நிறுவனத்தின் மாதச் சந்தா தனி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பட்டியலில் 1,200 பேர், அதில் சம்மதம் சொன்னவர் 300. எல்லாருக்கும் அனுப்பினால் ஒரு தடவைக்கு 1,200 ரூபாய், மாதம் இரண்டு என்றால் 2,400. சம்மதித்தவருக்கு மட்டும் என்றால் மாதம் 600. மிச்சமாகும் 1,800 ரூபாய், கேட்காதவர்களைத் தொந்தரவு செய்வதற்காகச் செலவாகியிருக்கும்.

'எண்ணைச் சேமிக்கவே வேண்டாம், ஒரே கிளிக்கில் பத்தாயிரம் பேர்' என்று கணினியில் ஏற்றும் மென்பொருளைச் சல்லிசாக விற்பார்கள். அது வாட்ஸ்அப் வெப்பைத் தானியங்கியாக ஓட்டும் வேலை. வாட்ஸ்அப் இதை அனுமதிப்பதில்லை, பிடிபட்டால் எண்ணைத் தடை செய்துவிடும். விற்றவரைக் கேட்டால் "புது சிம் போட்டுக்கோங்க சார்" என்பார்.

6. எஸ்எம்எஸ் அனுப்புவதாக இருந்தால்

சொந்த சிம்மிலிருந்து மொத்தமாக விளம்பர எஸ்எம்எஸ் போடுவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளுக்கு எதிரானது. பதிவு செய்யாமல் அனுப்பி மாட்டினால் முதல் தடவை 15 நாள் வெளிச்செல்லும் சேவை நிற்கும். மறுபடி மாட்டினால் உங்கள் பெயரில் உள்ள இணைப்புகள் எல்லாம் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். பத்து நாளில் ஐந்து பேர் புகார் செய்தாலே நடவடிக்கை என்று 2025 பிப்ரவரித் திருத்தம் சொல்கிறது.

முறையான வழி டிஎல்டி பதிவு, அதாவது மொத்த எஸ்எம்எஸ் அனுப்புவோர் தொலைபேசி நிறுவனங்களிடம் முன்கூட்டியே பதிந்துகொள்வது. ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் தளத்தில் பதிந்தால் போதும். பான், ஜிஎஸ்டி, கடை லெட்டர்ஹெட்டில் கையெழுத்து முத்திரையோடு ஓர் அங்கீகாரக் கடிதம், பொறுப்பாளரின் அடையாள அட்டை ஆகியவை வேண்டும். கட்டணம் 5,900 ரூபாய் அளவில் இருக்கும். ஆண்டுப் புதுப்பிப்புக்குத் தனியாக உண்டா என்று பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். அதன்பின் அனுப்புநர் பெயராகத் தெரியும் ஹெடர், செய்தி வார்ப்பு எனப்படும் மாதிரி வாசகம், சம்மத வார்ப்பு என்று ஒவ்வொன்றாக ஒப்புதல் வாங்க வேண்டும். செய்தியில் இணைப்பு இருந்தால் அந்த முகவரியையும் முன்கூட்டியே பதிய வேண்டும். வார்ப்பில் இல்லாத ஒரு சொல் சேர்ந்தாலும் செய்தி போகாது.

விளம்பரம் வேண்டாம் என்று டிஎன்டியில் தன் எண்ணைப் பதிந்தவருக்கு விளம்பரம் போக அவருடைய டிஜிட்டல் சம்மதம் வேண்டும். அந்தக் கோரிக்கை உங்கள் பெயரில், 127-இல் தொடங்கும் குறுங்குறியீட்டிலிருந்து அவருக்குப் போகும். அவர் ஒப்புக்கொண்டால் நெட்வொர்க்கிலேயே பதிவாகும். ஒருமுறை நிறுத்தியவரிடம் 90 நாளுக்கு மறுபடி சம்மதம் கேட்க முடியாது.

தமிழில் எழுதினால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான், ஆங்கில எழுத்தில் 160. அதுவும் 'க்' என்பது க ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டாக எண்ணப்படும். ஒன்று என்று நினைத்தது மூன்றாகப் பிரிந்து மூன்று மடங்கு காசு போகும்.

எங்களைக் கேட்டால், ஒரே ஊரில் ஒரே கடை என்றால் எஸ்எம்எஸ் தேவையில்லை. இந்த அலைச்சலுக்கும் 5,900 ரூபாய்க்கும் வரும் கூட்டம் போதாது.

7. அனுப்பியபின் எதைப் பார்க்க வேண்டும்

முதல் செய்தியைச் சம்மதம் வந்த இரண்டு வாரத்துக்குள் அனுப்புங்கள். சித்திரையில் சரி சொன்னவருக்கு ஐப்பசியில் போனால் அவருக்கு நினைவே இருக்காது. நேரம் காலை 10 முதல் இரவு 9-க்குள். எஸ்எம்எஸ்ஸில் பின்பற்றும் இந்த நேரத்தை வாட்ஸ்அப்புக்கும் வைத்துக்கொள்வது நல்லது. முதல் வரியிலேயே கடைப் பெயர், கடைசி வரியில் VENDAM வழி.

நிறுத்த நினைப்பவர்கள் நீங்கள் சொன்ன வார்த்தையையே அனுப்ப மாட்டார்கள். 'போதும்', 'no need', கட்டைவிரல் கீழே, 'ஏங்க தினமும் அனுப்பறீங்க' என்று எது வந்தாலும் நிறுத்தச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றே லேபிளை எடுத்து, ஷீட்டில் தேதி போட்டு, "நிறுத்திவிட்டோம்ங்க" என்று ஒரு வரி மட்டும் பதில். 'ஏன் வேண்டாம்?' என்று கேட்காதீர்கள். நிறுத்தியவருக்கு 'பிளவுஸ் தயார்' என்ற செய்தி தொடர்ந்து போகலாம். அதில் "கூடவே 10% தள்ளுபடி" என்று ஒட்டவைத்தால் அதுவும் விளம்பரமாகிவிடும்.

'யாருங்க நீங்க?' என்று ஒன்றிரண்டு பேர் கேட்டால் அட்டையில் கடைப் பெயர் தெளிவாக இல்லை என்று அர்த்தம். பத்துப் பேர் கேட்டால் கல்லாவில் யாரோ வாடிக்கையாளர் போனை வாங்கி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஷீட்டில் தேதியைப் பார்த்தால் அன்று யார் கல்லாவில் இருந்தது என்று தெரியும்.

ஏபிஐ வைத்திருப்பவர்கள் வாட்ஸ்அப் மேனேஜரில் எண்ணின் தர மதிப்பீட்டைப் பார்க்கலாம். பச்சை மஞ்சளாக மாறினால் அடுத்த செய்தியை நிறுத்தி, சமீபத்தில் சேர்ந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். பிளாக்குகள் கூடினால் வாட்ஸ்அப்பே அந்த வார்ப்பை முதலில் 3 மணி நேரமும், அடுத்து 6 மணி நேரமும் நிறுத்திவைக்கும். மூன்றாவது தடவை முடக்கிவிடும். செயலியில் இந்த வசதி இல்லை, யார் பிளாக் செய்தார் என்றும் சொல்லாது. வழக்கமாக இரண்டு டிக் விழும் ஆட்களுக்குத் தொடர்ந்து ஒற்றை டிக்கே நின்றால் அதுதான் அறிகுறி.

ஒற்றை டிக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு: எண்ணே செயலிழந்திருக்கலாம். துண்டித்த எண்ணை 90 நாள் கழித்து நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுக்கின்றன. அந்தப் புது ஆள் உங்களுக்கு எந்தச் சம்மதமும் தரவில்லை. ஆகவே மூன்று மாதமாக ஒற்றை டிக்கில் நிற்கும் எண்களை ஷீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பழையவர் கடைக்கு வந்தால் புது எண்ணிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்யட்டும்.